பக்க எண் போடாத பழைய கடிதம்: நடுவில் உள்ள இரண்டு தாள்களில் எது முதல்?

நெசவுக்காரர் பேரன் · ஜூன் 9, இரவு 9:40

தாத்தாவுக்கு அவருடைய அண்ணன் ஏகாம்பரகுப்பத்திலிருந்து எழுதிய கடிதம் ஒன்று கிடைத்திருக்கிறது. நாலு தாள், இரண்டு புறமும் எழுத்து, ஆக எட்டுப் பக்கம். ஒரு பக்கத்திலும் எண் இல்லை. மேலே விகாரி வருஷம் பங்குனி என்று மட்டும் இருக்கிறது. உள்ளே "வெள்ளிக்கிழமை முதல் திருத்தணி சென்னை ராஜ்யம், நாம் ஆந்திராதான்" என்று வருவதால் 1960 ஏப்ரல் 1-க்குப் பிறகு ஒரு வாரத்துக்குள் எழுதியது. அன்று வெள்ளிதான், பார்த்துவிட்டேன்.

தாள்களுக்கு அ, ஆ, இ, ஈ என்று கட்டுக்குள் இருந்த வரிசையிலேயே பெயர் வைத்தேன், முன்புறம் 1, பின்புறம் 2. அ1-இல் பிள்ளையார் சுழியும் "சிரஞ்சீவி தம்பிக்கு" என்ற விளிப்பும், ஈ2-இல் "இப்படிக்கு" என்று கையெழுத்தும் இருப்பதால் அந்த இரண்டு தாளிலும் சிக்கல் இல்லை. ஆ தாளில் "என்ன" என்று ஒரு பக்கம் முடிந்து, "சொல்ல முடியும்" என்று மறுபக்கம் தொடங்குகிறது. இ தாளில் "எழுதியிருக்" ஒரு புறம், "கிறது" மறுபுறம். ஆக எது முன்புறம், எது பின்புறம் என்பதும் தெரிந்துவிட்டது. மிச்சம் இருப்பது ஒரே கேள்வி: நடுவில் ஆ முதலா, இ முதலா? நாலு தாளையும் கண்ணை மூடிக்கொண்டு அடுக்கினால் 384 விதம் வரும், அதை இரண்டாகக் குறைத்தபின் இந்த இரண்டில் மாட்டிக்கொண்டேன்.

சித்தூர்வாசி · ஜூன் 9, இரவு 10:15

இதில் என்ன குழப்பம்? நிகழ்ச்சி எந்த நாளில் நடந்ததோ அந்த வரிசையில் அடுக்குங்கள். எந்தத் தாளில் கிழமை வருகிறது?

நெசவுக்காரர் பேரன் · ஜூன் 9, இரவு 10:32

ஆ தாளில் வியாழக்கிழமை வருகிறது, பரணில் ஏறி அப்பாவின் பழைய நோட்டைத் தேடியதாக. இ தாளில் வெள்ளிக்கிழமை கடைத்தெருவில் நடந்த பேச்சு.

சித்தூர்வாசி · ஜூன் 9, இரவு 10:36

அப்போ ஆ முதல், இ அடுத்து. முடிந்தது.

செங்கோட்டை வண்டி · ஜூன் 10, காலை 6:50

எங்கள் பாட்டியும் இப்படித்தான், கடைசிப் பக்கம் தீர்ந்ததும் முதல் பக்கத்தின் ஓரத்தில் குறுக்காக எழுதுவார், அது தீர்ந்ததும் தேதிக்கு மேலே தலைகீழாக. இன்லேண்ட் லெட்டர் என்றால் கேட்கவே வேண்டாம், ஒட்டும் மடிப்பிலும் மூன்று வரி இருக்கும், கவனமில்லாமல் கிழித்தால் செய்தி போச்சு. உங்கள் கடிதத்தில் மை மங்கியிருந்தால் லேமினேட் செய்து வைத்துவிடுங்கள், நூறு வருஷம் நிற்கும்.

ஆவணக் கிழவர் · ஜூன் 10, காலை 8:05

தயவுசெய்து லேமினேட் செய்யாதீர்கள். சூட்டில் ஒட்டிய பிளாஸ்டிக்கைப் பிறகு பிரிக்க முடியாது, தாளும் சேர்ந்து போகும். அவர் கேட்பது வரிசை, பாதுகாப்பு இல்லை.

பேரன், முதலில் ஒவ்வொரு பக்கத்தின் கடைசி வரியையும் முதல் வரியையும் மட்டும் இங்கே எழுதுங்கள், எழுத்து பிசகாமல், ஒற்று உட்பட. அவர் "பணத்தைக்" என்று க் போட்டு நிறுத்தியிருக்கிறாரா, "பணத்தை" என்று விட்டிருக்கிறாரா என்பது முக்கியம். தமிழில் ஒற்று எழுதுபவர், பக்கம் முடிவதற்கு முன்பே அடுத்த சொல்லை மனதில் வைத்துவிட்டார் என்று பொருள். க் என்று முடிந்தால் அடுத்த பக்கம் ககர வரிசையில்தான் தொடங்க வேண்டும். ஆனால் இதை நம்புவதற்கு முன் ஒரு வேலை. பக்கங்களின் நடுவில் அவர் ஒற்றை ஒழுங்காகப் போடுகிறாரா என்று பாருங்கள். பாதி இடத்தில் விட்டுவிடுகிற கை என்றால், ஒற்று இருந்தால் அது சாட்சி, இல்லாவிட்டால் அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது.

நெசவுக்காரர் பேரன் · ஜூன் 10, இரவு 9:10

பார்த்தேன். திண்ணைப் பள்ளியில் படித்த மனிதர், ஒற்று விட்ட இடம் ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. விளிம்பு வரிகள் இதோ:

அ2 முடிவு: "கடைத்தெருவிலும் அதே பேச்சு. அங்கே புத்தூர் முதலாளியின் கணக்குப்பிள்ளையைக்"

ஆ1 தொடக்கம்: "கேட்டால் மீ நாயன சந்தகம் உந்தி கதா என்கிறான்." தெலுங்கில், உங்கள் அப்பா கையெழுத்து இருக்கிறதல்லவா என்று.

ஆ2 முடிவு: "பரண் முழுக்கத் துழாவி, கடைசியில் அதைக்"

இ1 தொடக்கம்: "கண்டேன்."

இ2 முடிவு: "சரி, அப்பா எழுதிய சீட்டைக்"

ஈ1 தொடக்கம்: "கொண்டுபோய்ப் பக்கம் பக்கமாகக் காட்டலாம் என்றிருக்கிறேன்."

மூன்று முடிவும் க், மூன்று தொடக்கமும் ககரம். ஆ முதல் என்றால்: கணக்குப்பிள்ளையைக் கேட்டால், அதைக் கண்டேன், சீட்டைக் கொண்டுபோய். இ முதல் என்றால்: கணக்குப்பிள்ளையைக் கண்டேன், சீட்டைக் கேட்டால், அதைக் கொண்டுபோய். இரண்டும் வழுக்கிக்கொண்டு போகிறது.

அரைப்படி · ஜூன் 10, இரவு 9:18

உண்மையைச் சொல்லுங்கள் அண்ணே, இது உங்கள் பெரிய தாத்தா எழுதியதா, நீங்கள் எங்களுக்காக எழுதியதா?

ஆவணக் கிழவர் · ஜூன் 10, இரவு 9:45

அவ்வளவு அதிசயம் இல்லை. தமிழ் வாக்கியத்தில் வினை கடைசியில் வருகிறது, பக்கம் தீரும்போது பாதியில் நிற்பது பெரும்பாலும் "இன்னாரை", "இன்னதை" என்ற இடம்தான். கேள், கொடு, கொண்டு, காட்டு, கூப்பிடு என்று நாம் அன்றாடம் பேசும் வினையில் ககரம் நிறைய. ஒற்றுப் பொருத்தம் பொருந்தாத இணைப்பை வெட்டுவதற்கு மிக நல்லது. பொருந்துகிற இரண்டில் எது என்று சொல்ல அதற்குச் சக்தி இல்லை.

சித்தூர்வாசிக்கு ஒரு வார்த்தை. நடந்த வரிசை வேறு, சொன்ன வரிசை வேறு. வெள்ளிக்கிழமை நடந்ததைச் சொல்லிக்கொண்டே வந்து "இதற்காகத்தான் வியாழனே தேடினேன்" என்று பின்னால் போவது கடிதத்தில் சர்வசாதாரணம். அந்த வியாழக்கிழமை வரியை முழுதாக எழுதுங்கள் பேரன்.

நெசவுக்காரர் பேரன் · ஜூன் 10, இரவு 10:20

"இப்படி ஏதாவது வரும் என்று எனக்குத் தெரியும். வியாழக்கிழமையே அப்பா நோட்டைத் தேட ஆரம்பித்திருந்தேன்."

ஆவணக் கிழவர் · ஜூன் 10, இரவு 10:31

"வியாழக்கிழமையே" என்ற ஏகாரத்தையும் "ஆரம்பித்திருந்தேன்" என்பதையும் பாருங்கள். முதன்முதலில் சொல்பவர் "வியாழக்கிழமை தேடினேன்" என்பார். ஏற்கெனவே வேறு ஒரு நாளைப் பேசிவிட்டு அதற்கும் முந்திய நாளுக்குத் திரும்புபவர்தான் இப்படி எழுதுவார். எனக்கு இ முதல் என்று படுகிறது. ஆனால் அ2-விலேயே வெள்ளிக்கிழமை வந்துவிட்டதால் இது முழுச் சாட்சி ஆகாது, அந்த ஏகாரம் அ2-ஐப் பார்த்தும் வந்திருக்கலாம்.

சித்தூர்வாசி · ஜூன் 10, இரவு 10:50

நீங்களே உங்கள் சாட்சியை உடைத்துவிட்டீர்கள், நன்றி. நான் இன்னும் ஆ பக்கம்தான். தொகையைப் பாருங்கள், ஏதாவது ரூபாய் அணா வருகிறதா? அணா என்றால் பழையது, 1957-இல் நயா பைசா வந்துவிட்டது.

நெசவுக்காரர் பேரன் · ஜூன் 11, காலை 7:15

வருகிறது. இ1-இல் "ஏட்டில் நம் பேரில் பதினோரு ரூபாய் ஆறணா நிற்கிறது என்று காட்டினார்." ஆ1-இல் "அந்தப் பதினோரு ரூபாய் முப்பத்தேழு நயா பைசாவுக்கு வட்டி வேறு போடுகிறான்."

சித்தூர்வாசி · ஜூன் 11, காலை 7:40

அப்போ இரண்டு வேறு பாக்கி. ஒன்று அப்பா காலத்து அணாக் கணக்கு, இன்னொன்று புதிது. இரண்டு தாளுக்கும் தொடர்பே இல்லாமல் போகலாம், ஒருவேளை வேறு கடிதத்தின் தாள் இதில் கலந்திருக்கிறதோ?

ஆவணக் கிழவர் · ஜூன் 11, காலை 9:00

வேறு கடிதம் கலந்திருக்கலாம் என்ற சந்தேகம் நல்ல சந்தேகம், அதை எப்போதும் வைத்திருக்க வேண்டும். இங்கே அது இல்லை என்றுதான் நினைக்கிறேன். பதினாறு அணா நூறு நயா பைசா என்றால் ஆறணா முப்பத்தேழரை. அரையைத் தள்ளினால் முப்பத்தேழு. ஒரே பாக்கிதான். பழைய ஏட்டில் எழுதியிருந்தபடி முதலில் அணாவில் சொல்லிவிட்டு, வட்டி போட்டுப் பார்க்கும் இடத்தில் நயா பைசாவுக்கு மாறியிருக்கிறார். 1960-இல் எல்லோரும் தலைக்குள் இரண்டு கணக்கும் வைத்திருந்தார்கள்.

இப்போது "அந்த" என்ற சொல். ஆ1-இல் "அந்தப் பதினோரு ரூபாய்" என்கிறார், என்ன பாக்கி, யாருக்கு என்று விளக்கவில்லை. இ1-இல் ஏட்டில் நிற்கிறது என்று முழுதாகச் சொல்கிறார். அறிமுகம் முன்னால், "அந்த" பின்னால்.

சித்தூர்வாசி · ஜூன் 11, காலை 9:25

அண்ணன் தம்பி மாதம் ஒரு கடிதம் எழுதிக்கொண்டிருந்தால்? போன கடிதத்திலேயே பாக்கி விஷயம் வந்திருக்கலாம். தம்பிக்குத் தெரிந்த விஷயத்துக்கு "அந்த" போட அறிமுகம் தேவையில்லை. அ1-இல் அம்மா உடம்பைப் பற்றி "முன் கடிதத்தில் எழுதியபடி" என்று இருப்பது பேரன் போட்ட படத்தில் தெரிகிறதே.

ஆவணக் கிழவர் · ஜூன் 11, காலை 9:40

இது சரியான ஆட்சேபம். கடிதப் போக்குவரத்தில் ஒருவர் எழுதியதை மட்டும் வைத்துக்கொண்டு வரிசை பார்ப்பவர்கள் விழும் குழி இதுதான்.

பொன்பாடி · ஜூன் 11, மதியம் 1:10

உள்ளடக்கத்தை விடுங்கள், தாளைப் பாருங்கள். பெரிய தாளை இரண்டாக மடித்து எழுதியிருந்தால் மடிப்பு கிழிந்து நாலு தாள் ஆகியிருக்கும். கிழிசலைப் பொருத்திப் பார்த்தால் எந்த இரண்டு ஒட்டியிருந்தது என்று தெரியும், வரிசையும் வந்துவிடும். எங்கள் வீட்டுப் பத்திரம் ஒன்றை இப்படித்தான் சேர்த்தோம்.

நெசவுக்காரர் பேரன் · ஜூன் 11, இரவு 8:30

பொருத்திப் பார்த்தேன், நன்றி. அ-வும் ஈ-யும் ஒரே தாளாக இருந்தவை, கிழிசல் பல்லுக்குப் பல் சேர்கிறது. ஆ-வும் இ-யும் இன்னொரு தாள். ஆக வெளித்தாளுக்குள் உள்தாளைச் செருகி, நோட்டுப் போல வைத்துக்கொண்டு எழுதியிருக்கிறார். ஆ1-இல் கிழிசல் இடப்பக்கம், இ1-இலும் இடப்பக்கம்.

பொன்பாடி · ஜூன் 11, இரவு 8:42

அருமை, அப்போ விடை கிடைத்துவிட்டதே!

ஆவணக் கிழவர் · ஜூன் 11, இரவு 9:20

இல்லை. கிழிசல் இவ்வளவு சொல்கிறது: ஆ-வும் இ-யும் நடுவில் சேர்ந்து இருந்தன, பேரன் சொன்ன முன்புறம் பின்புறம் சரி. எது முதல் என்று அது சொல்லாது. வீட்டில் ஒரு தாளை மடித்து இடப்பாதியில் ஆ, வலப்பாதியில் இ என்று எழுதிப் பாருங்கள். மடிப்பை மறுபக்கமாகத் திருப்பி மடித்தால் இ முன்னால் வந்துவிடும், ஆனால் கிழிசல் ஒவ்வொரு பக்கத்திலும் அதே இடத்தில்தான் இருக்கும்.

திசையைச் சொல்லக்கூடியது இரண்டு. ஒன்று, மடிப்பின் வெளிப்புறம் எது என்பது, அங்கே நார் அறுந்து விரிந்திருக்கும், ஆனால் அறுபது வருஷம் பலர் பிரித்து மடித்த கடிதத்தில் அதை நம்ப முடியாது. இன்னொன்று ஈர மை. எதிரெதிர்ப் பக்கத்தில் கண்ணாடி எழுத்தாக ஒட்டியிருந்தால் அந்த இரண்டு பக்கமும் முகத்தோடு முகம் இருந்தன. இ2-இன் தடம் ஆ1-இல் இருந்தால் இ முதல். ஆ2-இன் தடம் இ1-இல் இருந்தால் ஆ முதல். அதுவும் எழுதிய அன்றைக்கு ஒட்டியதா, பின்னால் ஈரக் கசிவில் ஒட்டியதா என்று பார்க்க வேண்டும்.

நெசவுக்காரர் பேரன் · ஜூன் 11, இரவு 10:05

தடம் எதுவும் இல்லை. மையொற்றும் தாள் வைத்திருந்தார் போலிருக்கிறது, கணக்கான மனிதர்.

மை வேறு விஷயம் சொல்கிறது, ஆனால் ஜன்னல் வெளிச்சத்தில் கையில் வைத்துப் பார்த்தால்தான், போட்டோவில் ஒவ்வொன்றும் ஒவ்வொரு நிறம். இ2-இன் கடைசி வரிகள் வெளிறிப் போகின்றன. ஆ1-இன் முதல் இரண்டு வரியும் வெளிறல், மூன்றாவது வரி நடுவில் திடீரென்று கருப்பு. பேனாவில் மை நிரப்பியிருக்கிறார். அ2 முடிவு நல்ல கருப்பு, இ1 தொடக்கமும் கருப்பு.

ஆவணக் கிழவர் · ஜூன் 11, இரவு 10:20

அ2 கருப்பில் முடிந்து ஆ1 வெளிறலில் தொடங்குவது கஷ்டம், ஒரே வாக்கியத்தின் நடுவில் பேனா மை சட்டென்று தீராது. நல்ல சாட்சி. தொட்டு எழுதும் பேனாவாக இருந்தால் சில வரிக்கு ஒரு முறை வெளிறும், அப்போது இதற்கு மதிப்பில்லை. மற்றப் பக்கங்களில் அப்படி இருக்கிறதா?

நெசவுக்காரர் பேரன் · ஜூன் 11, இரவு 10:26

இல்லை, எட்டுப் பக்கத்துக்கும் அந்த ஒரு இடம்தான்.

சித்தூர்வாசி · ஜூன் 12, காலை 7:05

ஆ தாள் வேறு நாள் எழுதியிருந்தால்?

நெசவுக்காரர் பேரன் · ஜூன் 12, இரவு 9:00

இன்று கடிதத்தை வேறு மாதிரி படித்தேன், கணக்குப்பிள்ளைக்கு மட்டும் பென்சிலால் நகலில் கோடு போட்டுக்கொண்டு. அ2: "வந்திருந்தார்". இ1: "காட்டினார்", "சொன்னார்". இ2 மேல் பாதி: "சிரித்தார்". இ2 கீழே: "அப்பா பேரை இழுக்கிறான்". ஆ1, ஆ2 முழுக்க: "என்கிறான்", "போடுகிறான்", "போய்விட்டான்". இ2-இன் நடுவில் அண்ணனுக்குக் கோபம் வந்து மரியாதை போய்விட்டது, பிறகு திரும்பி வரவே இல்லை. ஆ முதல் என்று வைத்தால் ஆர், ஆன், மறுபடி ஆர், மறுபடி ஆன். திட்டிவிட்டு அடுத்த வரியிலேயே "சிரித்தார்" என்று எழுதுகிற ஆள் எங்கள் வம்சத்தில் இல்லை.

இன்னொன்று. இ1-இன் மூன்றாவது வரி குறுக்கு மடிப்பில் சிதைந்திருந்தது, பூதக்கண்ணாடியில் பார்த்தால் "உனக்குத் தெரிந்திருக்காது" என்று இருக்கிறது. அதற்கு அடுத்துத்தான் அந்த ஆறணா. ஆக போன கடிதத்தில் பாக்கி விஷயம் வரவில்லை, தம்பிக்கு இது புதுச் செய்தி.

ஆவணக் கிழவர் · ஜூன் 12, இரவு 9:30

ஆர்-ஆன் மாற்றம் பிரமாதம். மேலதிகாரியைப் பற்றிய கடிதங்களில் நானும் பார்த்திருக்கிறேன், ஆனால் பக்க வரிசைக்கு வைத்துப் பார்த்ததில்லை. "உனக்குத் தெரிந்திருக்காது" அதைவிடக் கெட்டி. இ முதல்.

அரைப்படி · ஜூன் 12, இரவு 9:34

நான் ஒரு படிக்காதவன் கேள்வி கேட்கலாமா. ஈ1-இல் "கொண்டுபோய்ப் பக்கம் பக்கமாகக் காட்டலாம்" என்கிறார். ஆ முதல் என்றால் அவர் கொண்டுபோவது சீட்டு. ஒரு சீட்டுக்கு எங்கேயய்யா பக்கம் பக்கமாக? நோட்டுக்குத்தான் பக்கம்.

ஆவணக் கிழவர் · ஜூன் 12, இரவு 9:41

ஜூன் 10-லேயே அந்த வரி என் கண் முன்னால் இருந்தது. ஒற்றையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

செங்கோட்டை வண்டி · ஜூன் 12, இரவு 9:50

லேமினேட் வேண்டாம் என்றால் பாலிதீன் கவர்?

ஆவணக் கிழவர் · ஜூன் 12, இரவு 9:58

அமிலம் இல்லாத காகித உறை. பேரன், வரிசையைத் தாளிலேயே குறிக்க வேண்டுமானால் மெல்லிய பென்சில், கீழ் மூலையில் சதுர அடைப்புக்குள் எண். அடைப்பு இருந்தால்தான் அது அவர் போட்ட எண் இல்லை என்று பின்னால் வருபவருக்குத் தெரியும். கட்டுக்குள் இருந்த பழைய வரிசையையும் தனித் தாளில் எழுதி உடன் வையுங்கள்.

சித்தூர்வாசி · ஜூன் 13, காலை 6:30

சரி, இ முதல், ஒப்புக்கொள்கிறேன். "ரயிலுக்கு முன்" என்று ஒரு வரி இருக்கிறதே, அது எங்கே போகிறது? ஆ2 படத்தில் இடது ஓரத்தில் குறுக்காக ஏதோ தெரிகிறது, யாரும் பேசவில்லையே.

நெசவுக்காரர் பேரன் · ஜூன் 13, காலை 7:20

கவனித்தீர்களே. "மேலே சொன்னதை அக்காவிடம் சொல்லாதே, ரயிலுக்கு முன் முடிக்கிறேன்" என்று இருக்கிறது. அக்கா புத்தூரில்தான் வாழ்க்கைப்பட்டவர். "மேலே சொன்னது" பாக்கியா, நோட்டா, அல்லது ஈ1-இல் வருகிற நகை விஷயமா? ஓரத்தில் எழுதியது ஆ2 எழுதும்போதா, எல்லாம் முடித்துத் திருப்பிப் படிக்கும்போதா?

ஆவணக் கிழவர் · ஜூன் 13, காலை 8:15

"முடிக்கிறேன்" என்று இருப்பதால் கடைசியில் எழுதியது போலத் தோன்றும். ஆனால் ஈ2-இல் கையெழுத்துக்குக் கீழே இடம் இருக்கிறதா? இருந்தால் அங்கே எழுதாமல் ஏன் ஆ2-க்குத் திரும்பினார்?

நெசவுக்காரர் பேரன் · ஜூன் 13, காலை 8:22

கால் பக்கம் காலியாகவே இருக்கிறது.

பொன்பாடி · ஜூன் 13, காலை 8:40

அப்போ அந்த விஷயம் ஆ2-இல் இருப்பதால்தான் அதன் பக்கத்திலேயே எழுதினார். நோட்டுதான்.

அரைப்படி · ஜூன் 13, காலை 8:44

நோட்டை அக்காவிடம் ஏன் மறைக்க வேண்டும்? மாமியார் வீட்டுக்கும் முதலாளிக்கும் ஏதோ இருக்கிறது அண்ணே, அத்தை பாட்டிகள் யாராவது இருந்தால் கேளுங்கள்.

நெசவுக்காரர் பேரன் · ஜூன் 13, இரவு 9:15

சின்னப் பாட்டி திருத்தணியில் இருக்கிறார், கேட்டேன். "அந்தப் புத்தூர்க்காரன் பேச்சை எடுக்காதே" என்றுவிட்டார். கணக்குப்பிள்ளையா, முதலாளியா, அக்கா வீட்டுக்காரரா என்று கேட்டதற்கும் அதே பதில்.